கலைச்சொல்: கைப்பேசி ரூட்டரிடம் காட்டும் ‘தனிப்பட்ட முகவரி’க்கு நல்ல சொல் தேவை

நிலா:
குழுவினருக்கு வணக்கம். ரூட்டர் உதவிப் பக்கம் ஒன்றைத் தமிழாக்கும்போது ஒரு சொல் இடிக்கிறது. ஐஃபோனில் Private Wi-Fi Address என்று காணப்படும் வசதியை ‘தனிப்பட்ட முகவரி’ என்று எழுதியிருக்கிறார்கள். 192.168.1.50 போன்ற ஐபி முகவரிக்கும் அதே சொல்தான். ‘தனிப்பட்ட முகவரி மாறியதால் தனிப்பட்ட முகவரி கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. படிப்பவருக்கு என்ன புரியும்?

செல்வம்:
‘தற்போக்கு முகவரி’ போதுமே. வைஃபையில் சேரும் ஒவ்வொரு முறையும் ஃபோன் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ரூட்டரில் ஒதுக்கிய ஐபி அதற்குக் கிடைப்பதில்லை.

குமரன்:
ஒதுக்கீடு உடைவது உண்மை, ‘ஒவ்வொரு முறையும்’ என்பது சரியில்லை. ஆண்ட்ராய்டு 10-லும் ஐஓஎஸ் 14-லும் இந்த வசதி இயல்பாகவே இயங்குகிறது. வைஃபையின் பெயர் ஒவ்வொன்றுக்கும், ரூட்டரிடம் தன்னை அடையாளம் காட்ட, ஒரு மேக் முகவரியை ஃபோன் புனைந்துகொள்கிறது. அதே பெயரில் மறுபடி சேரும்போது பெரும்பாலும் அதையே காட்டுகிறது. எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு ஒரு புனைபெயர் வைத்திருப்பதைப் போல. ஆகவே என் பரிந்துரை ‘புனைமுகவரி’. தயாரிப்பில் பொறித்துவரும் மேக்கைப் ‘பிறவி முகவரி’ எனலாம்.

ஒதுக்கீடு எப்படி உடைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ரூட்டரில் இந்த வரி இருக்கிறது:

```
dhcp-host=00:00:5e:00:53:1a,192.168.1.50
```

ஃபோனோ 7e:14:b0:3d:52:9c என்று சொல்லிக்கொண்டு வருகிறது. ரூட்டருக்கு அது முன்பின் தெரியாத கருவி. பொதுத் தொகுப்பிலிருந்து 192.168.1.137 கொடுத்துவிடுகிறது. .50-க்கு எழுதிய நேரக்கட்டுப்பாடோ போர்ட் திறப்போ யார்மீதும் செயல்படாது. பிழைச்செய்தியும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, a, e இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் புனைமுகவரிதான். இங்கே 7-க்கு அடுத்து e.

ராதா:
எங்கள் வீட்டு அச்சுப்பொறிக்கும் ஐபி மாறிக்கொண்டே இருக்கிறது. இதை அணைத்தால் சரியாகுமா?

குமரன்:
அச்சுப்பொறிகளில் பொதுவாக இந்த வசதி இருப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது ரூட்டரில் அதன் மேக்குக்கு ஓர் ஒதுக்கீடு. ஏற்கெனவே இருந்தால் மேக்கைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

செல்வம்:
ஒருமுறை புனைந்ததே நிலைக்கும் என்றால், இணைப்பு ஏன் அறுந்து அறுந்து வருகிறது?

குமரன்:
இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். ஐஓஎஸ் 18-இல் இந்த வசதிக்கு Off, Fixed, Rotating என்று மூன்று நிலைகள். Rotating-இல் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேக் மாறும். மேக் மாறினால் பழைய இணைப்பு செல்லாது. ஃபோன் மறுபடி சேர்ந்து, புதிய ஐபி கேட்டு வாங்க வேண்டும். கடவுச்சொல் இல்லாத அல்லது பழைய, வலுவற்ற பாதுகாப்பு முறையில் ஓடும் வைஃபைக்கு இயல்புநிலையே Rotating. அதனால் முதலில் ரூட்டரை WPA2 அல்லது WPA3-க்கு மாற்றுங்கள்.

மற்றது, வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பது. இரண்டு பெயர், இரண்டு புனைமுகவரி. அறை மாறும்போது ஃபோன் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் ஐபியும் மாறும், ஓடிக்கொண்டிருந்த அழைப்பு அறுந்துவிடும். ஒரே பெயராக்கினால் தீரும். முடியாவிட்டால், சில ரூட்டர்களில் ஐபி வழங்கும் dnsmasq என்ற மென்பொருள் இரண்டு மேக்கையும் ஒரே ஐபிக்கு ஏற்கும்:

```
dhcp-host=7e:14:b0:3d:52:9c,c2:58:0f:91:6a:e4,192.168.1.50
```

ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுதான் இணைந்திருக்க வேண்டும். பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கம் ஓர் ஐபிக்கு ஒரு மேக்கையே அனுமதிக்கும். அங்கே இது நடக்காது.

வசதியை அணைக்கச் சொல்லி உதவிப் பக்கத்தில் எழுத வேண்டாம், நிலா. வீட்டு வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள i குறியைத் தொட்டு, Fixed-ஐத் தேர்ந்து, கீழே தெரியும் Wi-Fi Address-ஐ அப்படியே ரூட்டரின் ஒதுக்கீட்டில் பழைய மேக்குக்குப் பதிலாக இடச் சொல்லுங்கள். பிறகு வைஃபையை அணைத்து மீண்டும் போட்டால் .50 வந்துவிடும். ஃபோனின் பிணைய அமைப்புகளை அழித்தால் வேறு முகவரி பிறக்கலாம்; அப்போது ஒதுக்கீட்டையும் திருத்த வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

நிலா:
‘புனைமுகவரி’யை எடுத்துக்கொள்கிறேன். Fixed-க்கு ‘நிலைப் புனைமுகவரி’, Rotating-க்கு ‘சுழல் புனைமுகவரி’ என்று கிளைக்கவும் முடிகிறது. ‘ஒதுக்கீடு’தான் இன்னும் உறுத்துகிறது. ரூட்டர் .137-ஐத் தானாகக் கொடுத்ததும் ஒதுக்கீடுதானே? நாம் கையால் .50-ஐ ஒரு மேக்கோடு கட்டிவைப்பதை ‘முகவரிப் பிணைப்பு’ என்றால் வேறுபாடு தெரியும்.

செல்வம்:
‘பிணைப்பு’ என்றால் புளூடூத் நினைவு வருகிறது. ‘முன்பதிவு’ எல்லோருக்கும் தெரிந்த சொல்.

குமரன்:
முன்பதிவு செய்தவர் வேறு பெயரில் வந்தால் இடம் கிடைக்காது. இந்தச் சிக்கலுக்கு அது பொருந்துகிறது. ஆனால் முன்பதிவு ஒருமுறை வந்து போவதற்கானது. இது மாற்றும்வரை நிற்பது. நான் இன்னும் ‘பிணைப்பு’ பக்கமே இருக்கிறேன்.