புது லீவ் சாஃப்ட்வேர் ரோல்அவுட் மெயில்: மேனேஜர்களுக்கு தனியா அனுப்பணுமா?

எங்க ஆபிஸ்ல லீவ் அப்ளை பண்ற சாஃப்ட்வேர் மாறுது. பழசு வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கு ரீட்-ஒன்லி ஆயிடும், திங்கள் காலைல 9 மணிலருந்து புதுசு. லீவ் பேலன்ஸ் தானா வந்துடும், ஆனா அப்ரூவ் ஆகாம பெண்டிங்ல நிக்கிற ரிக்வெஸ்ட் வராது, மறுபடி போடணும். சிக்கலே இங்கதான்.

இத எல்லாருக்கும் சொல்ற மெயிலோட டிராஃப்ட்ட ஒரு சின்ன டீம்கிட்ட குடுத்து பாத்தேன், எல்லாருக்கும் லாகின் லிங்க் தெரிஞ்சது, பெண்டிங் விஷயம் யார் கண்ணுலயும் படல. சப்ஜெக்ட்ல தேதிய போட்டேன், "என்ன மாறுது"ங்கறத முதல் வரிக்கு கொண்டுவந்தேன், ஹெல்ப்டெஸ்க் நம்பர மேலயே வெச்சேன், ஸ்க்ரீன்ஷாட்ட தூக்கிட்டேன் (மொபைல்ல அதுவே பாதி மெயில சாப்டுது). இப்ப ஊழியர்களுக்கு புரியுது, ஆனா மேனேஜர்ங்க அதே மெயில படிச்சிட்டு "நமக்கு வேலை இல்ல"ன்னு விட்டுடறாங்க, அவங்க வெள்ளிக்குள்ள அப்ரூவ் பண்ணா யாரும் திரும்ப போடவே வேணாம்.

மேனேஜர்களுக்கு அவங்க பெண்டிங் லிஸ்ட்டோட முன்னாடியே தனி மெயில் அனுப்பறதா, இல்ல எல்லாருக்கும் போற ஒரே மெயில்லயே அவங்களுக்கு ஒரு பகுதி வெக்கறதா, உங்க அனுபவத்துல எது வேலை செஞ்சது?