கிட்னி நோயாளிக்கு செஃபெபிம்: இந்தக் குழப்பம் மருந்தாலா, வயதாலா?

மலர்க்கொடி
அப்பாவுக்கு 72 வயது, எடை 58 கிலோ. சில வருடங்களாகவே கிட்னி பாதிப்பு உண்டு. கிரியாட்டினின் 3.4, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செஃபெபிம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி 2 கிராம் காலை, 2 கிராம் இரவு ஏற்றுகிறார்கள். காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது, ஆனால் நாலாம் நாள் ஆளே மாறிவிட்டார். என் பெயர் என்ன என்று கேட்டால் "தண்ணி, தண்ணி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார், கை திடீர் திடீரென வெட்டுகிறது. தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வயதானவர், ஆஸ்பத்திரியில் படுத்தால் இப்படித்தான் என்கிறார்கள். ஊசியால் இருக்குமா?

சேலம் செல்வம்
கட்டாயம் ஊசிதான். ஆன்டிபயாட்டிக் கிட்னியைக் கெடுத்துவிடும். என் அம்மாவுக்கு ஜென்டாமைசின் போட்டபோது கிரியாட்டினின் மளமளவென்று ஏறியது. எல்லா ஊசியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

ரஹீம் (மருந்தாளுநர்)
செல்வம் அண்ணே, உங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு. அங்கே மருந்து கிட்னியைக் கெடுத்தது. இங்கே ஏற்கெனவே கெட்ட கிட்னி மருந்தை வெளியேற்ற முடியாமல் நிற்கிறது. தொற்றோடு இருப்பவரை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லாதீர்கள், ஆபத்து.

மலர்க்கொடி, செஃபெபிம் ஏறக்குறைய 85 சதவீதம் மாறாமல் அப்படியே சிறுநீரில்தான் போக வேண்டும். கிட்னி நன்றாக இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு 2 மணி நேரத்தில் பாதியாகும். டயாலிசிஸ் நிலைக்குப் போனவருக்கு அதே பாதியாக 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் அப்பாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140-இலிருந்து வயதைக் கழித்தால் 68, அதை எடையால் பெருக்கி, 72 × 3.4 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16. இந்த 72 வயது இல்லை, எல்லாருக்கும் பொதுவான எண்; 3.4 அவருடைய கிரியாட்டினின். கிடைத்த 16-தான் கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது கிட்னி இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம், நிமிடத்துக்கு மில்லியில். பெண்ணாக இருந்தால் இதை இன்னும் 0.85 ஆல் பெருக்குவோம். மருந்தின் லேபிளில், கிட்னி நல்லவருக்கு 12 மணிக்கு ஒருமுறை 2 கிராம் போடும் தொற்றுக்கு, கிளியரன்ஸ் 11 முதல் 29 வரை உள்ளவருக்கு நாளைக்கு 1 கிராம்தான். அவருக்குப் போவது 4 கிராம்.

மருந்து மூளைக்குள் அதிகமாகத் தேங்கினால், நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற பொருள் வேலை செய்ய வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்து தடுக்கும். பெரும்பாலும் மருந்து தொடங்கி நாலு நாள் வாக்கில்தான் இது வெளியே தெரியும். சொல் திரும்பத் திரும்ப வருவது, கை வெட்டுவது, காய்ச்சல் விட்ட பிறகு குழப்பம் வருவது, மூன்றும் சேர்ந்து பொருந்துகின்றன.

ஐசியு டூட்டி டாக்டர்
ரஹீம், நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் ஒரேயடியாக மருந்தின் மேல் போடாதீர்கள். வயதானவர்களுக்குத் தொற்றில் டெலிரியம் என்ற திடீர்க் குழப்பம் வருவது நான் தினம் பார்ப்பது. யூரியா ஏறினாலும் கை வெட்டும், சோடியம் குறைந்தாலும் குழம்பும், சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான். இவருக்கு வலிப்பு வந்ததாக யாரும் சொல்லவே இல்லையே.

அதோடு, தொற்றோடு வருகிறவர்களில் பலருக்குக் கிரியாட்டினின் முதல் நாள் ஏறி, சலைன் போனதும் இரண்டு நாளில் இறங்கிவிடும். அதை நம்பி முதல் டோஸிலேயே கையைச் சுருக்கினால் செப்சிஸில் ஆள் போய்விடுவார். முதல் 48 மணி நேரம் டோஸைக் குறைக்காதே என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

ரஹீம் (மருந்தாளுநர்)
அந்த 48 மணி நேர வாதத்தை நானும் ஏற்கிறேன் டாக்டர், முதல் டோஸை யாருக்குமே குறைக்கக் கூடாது. ஆனால் அது புதிதாகக் கெட்ட, திரும்பி வரக்கூடிய கிட்னிக்குச் சொன்னது. இவருக்கு வருடக்கணக்காகப் பாதிப்பு. அந்த 3.4 திரும்பி எங்கே போகும்? அதுவும் நாலாம் நாளிலும் அதே டோஸ் ஓடுகிறது. முதல் நாள் எழுதியதை மறுநாள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

வலிப்பு இல்லை என்பதையும் ஏற்க முடியாது. கை காலை உதறாமல், கண்ணைத் திறந்தபடியே மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். 2012-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. செஃபெபிமுக்கு எச்சரிக்கை விட்டதே இதற்காகத்தான். அப்படி வலிப்பு வந்தவர்களில் கிட்னிக்கு ஏற்றபடி டோஸ் குறைக்கப்படாதவர்களே அதிகம். வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

டயாலிசிஸ் யூனிட் சிஸ்டர்
மலர்க்கொடி, நான் இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். குழப்பத்துக்கு முந்தைய யூரியா, சோடியம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? அப்புறம், அப்பாவைக் கையை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு தொங்கித் தொங்கி எழும்புகிறதா? எங்கள் யூனிட்டில் இப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறோம். டம்ளரைக் கையில் வாங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள், கை நடுக்கம் என்று விட்டுவிடுவோம், மறுநாள் பேச்சு குளறும்.

மலர்க்கொடி
சேர்த்த அன்று யூரியா 112, இன்று 108. சோடியம் 137, சர்க்கரை 140. கையை நீட்டச் சொன்னால் புரிந்துகொள்ளவே இல்லை சிஸ்டர். நேற்று டம்ளர் கொடுத்தேன், கொட்டத்தான் செய்தார்.

ஐசியு டூட்டி டாக்டர்
இந்த எண்களைப் பார்த்த பிறகு நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். 112-இல் தெளிவாக இருந்தவர் 108-இல் குழம்பினால் யூரியா மேல் பழி போட முடியாது. இன்றே ஈ.ஈ.ஜி. கேளுங்கள். ஆனால் டோஸைக் குறைத்து அதே மருந்தைத் தொடர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்கெனவே தேங்கியதுதான் தொல்லை, அதன் மேல் 1 கிராம் ஏற்றுவானேன்? கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சரைப் பார்த்து, மெரோபெனம் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றிவிடலாம்.

ரஹீம் (மருந்தாளுநர்)
அறிகுறி வந்த பிறகு மாற்றுவதுதான் சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் மெரோபெனமும் கிட்னி வழியாகப் போவதுதான், இந்த கிளியரன்ஸுக்கு அதையும் வழக்கமான ஒரு டோஸில் பாதியாக்கி 12 மணிக்கு ஒருமுறைதான் போட வேண்டும். இன்னொன்று, வலிப்புக்கு வால்ப்ரோயேட் தொடங்கியிருந்தால் மெரோபெனம் அதன் அளவை இரத்தத்தில் தரைமட்டமாக்கிவிடும். இரண்டையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். கல்ச்சரில் பைப்பராசிலின்-டாசோபேக்டம் வேலை செய்தால் நான் அதைத்தான் கேட்பேன். 2023-இல் வந்த ஏகார்ன் ஆய்வில் செஃபெபிம் போட்டவர்களில் 20.8 சதவீதம் பேருக்கு டெலிரியமோ கோமாவோ வந்தது, பைப்பராசிலின் போட்டவர்களில் 17.3. கிட்னியை பைப்பராசிலின் அதிகம் கெடுக்கவும் இல்லை.

ஐசியு டூட்டி டாக்டர்
மூன்றரை சதவீத வித்தியாசம்தான். அதற்காக செஃபெபிமையே ஒதுக்குவதா? டோஸ் சரியாக இருந்தால் நான் இன்னும் எழுதுவேன்.

சேலம் செல்வம்
நிறுத்தினால் எத்தனை நாளில் தெளிவார்?

டயாலிசிஸ் யூனிட் சிஸ்டர்
பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பேச்சு திரும்பும். ரொம்ப மோசமாக இருந்தால் டயாலிசிஸ் போட்டு இழுத்துவிடலாம், மூன்று மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்துவிடும். அதனால்தான் டயாலிசிஸ் ஆட்களுக்கு இந்த ஊசியை முடிந்த பிறகு போடுகிறோம்.

மலர்க்கொடி
கிளியரன்ஸ் கணக்கை ஒரு தாளில் எழுதி ரவுண்ட்ஸில் நெஃப்ராலஜி டாக்டரிடம் காட்டினேன். மாலை ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள், மூன்று கட்டமாக அலைகள் விட்டு விட்டு வருகின்றன என்றார்கள். செஃபெபிமை நிறுத்தி பைப்பராசிலின் தொடங்கியிருக்கிறார்கள். இந்த அலை வலிப்பா, வெறும் மருந்து மயக்கமா என்று நரம்பு டாக்டரும் அவரும் பேசிக்கொள்கிறார்கள், டயாலிசிஸ் தேவையா என்று நாளைக்குச் சொல்வார்களாம். கை வெட்டுவது இன்னும் நிற்கவில்லை.

ரஹீம் (மருந்தாளுநர்)
அந்த அலைகளைப் பார்த்து உடனே சொல்லிவிட முடியாது, மருந்தாலும் கிட்னியாலும் இரண்டிலும் வரும். இரவில் கண்ணை ஒரே பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, முகம் துடித்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பைப்பராசிலின் எத்தனை கிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கேஸ் ஷீட்டில் பார்த்து இங்கே போடுங்கள்.