செல்ஃபி முகத்தை 50 மி.மீ. குரூப் போட்டோவில் ஒட்டினால் மூக்கு துருத்துகிறது: உதவி தேவை

முத்து: கல்யாண குரூப் போட்டோ. ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், நின்றவர்கள் சுமார் 4 மீட்டர் தூரத்தில். தோஹாவில் இருந்து வர முடியாத தம்பியையும் அதில் சேர்க்கச் சொல்கிறார்கள். அவன் அனுப்பியது கையை நீட்டி எடுத்த ஒரே ஒரு செல்ஃபி. வெளிச்சமும் நிறமும் பொருந்திவிட்டன. ஆனாலும் மூக்கு பெரிதாக, முகம் ஒடுங்கி, ஒட்டுவேலை என்று பளிச்சென்று தெரிகிறது. ஃபோட்டோஷாப்பில் எப்படிச் சரிசெய்வது?

ராஜி: போன் லென்ஸ் வைட் ஆங்கிள், அதனால்தான். `Filter > Lens Correction` போய் `Custom`-இல் `Remove Distortion` கொஞ்சம் கூட்டுங்கள், போதும்.

செல்வம்: ராஜி, அது வளைந்த கோட்டை நேராக்குவதற்கு. கதவு நிலை, சுவர் ஓரம் வளைந்திருந்தால் உதவும். அந்தத் திருத்தத்தைப் பெரும்பாலான போன்கள் தாங்களே செய்துவிடுகின்றன. இங்கே கோளாறு தூரத்தில். அதே போனை 4 மீட்டர் தள்ளி வைத்து எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிப் பார்த்தால் மூக்கு சரியாகவே இருக்கும்.

முத்து, கணக்கு இப்படி. மூக்கு நுனி கேமராவிலிருந்து 30 செ.மீ. என்றால் கண் ஏறக்குறைய 34, கன்னத்தின் வெளி ஓரம் 38, காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். கண்ணை அளவுகோலாக வைத்தால் மூக்கு நுனி 13 சதவீதம் பெரிதாகவும், காது 19 சதவீதம் சிறிதாகவும் பதிவாகிறது. 4 மீட்டரில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆகவே திருத்த வேண்டியது: மூக்கு நுனியில் சுமார் 10 சதவீதம் குறைப்பு, மூக்கின் இரு ஓரத்திலும் 5 போதும், கன்ன ஓரம் 10 சதவீதம் வெளியே, காது தெரிந்தால் 20 சதவீதம் பெரிது. எல்லாரும் மூக்கை மட்டும் சுருக்கிவிட்டு நிறுத்துகிறார்கள். பெரிய பிழை முகத்தின் பக்கவாட்டில்தான் இருக்கிறது.

முத்து: `Liquify`-இல் `Nose Width` -10, `Face Width` +10 வைத்தால் சரியா அண்ணா?

செல்வம்: இல்லை, ஸ்லைடர் எண் சதவீதம் அல்ல. பிக்சலில் அளந்து பாருங்கள். இரு கண்மணிகளுக்கு இடையே 300 பிக்சல், மூக்கின் அகலம் 190 என்றால் அதை 180-க்குக் கொண்டுவர வேண்டும். எண் என்னவாக வந்தாலும் பரவாயில்லை.

முதலில் முகத்தை வெட்டாதீர்கள். முழு செல்ஃபியையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, சிறிதாக்கும் முன்பே `Liquify` செய்யுங்கள். முதலில் வெட்டிவிட்டால் முகத்தை அகலமாக்கும்போது முடி ஓரம் கிழிந்துபோகும். பின்னணி வளைந்தால் கவலை வேண்டாம், எப்படியும் போகப்போவதுதான். ஸ்லைடரில் பாதி வேலை முடிந்ததும், முகத்தைவிடப் பெரிய பிரஷ்ஷோடு `Forward Warp Tool` எடுத்து, நெற்றிப் பொட்டையும் கன்னத்தையும் மெல்ல வெளியே இழுங்கள். சின்ன பிரஷ் என்றால் கன்னம் அலையலையாகிவிடும். கடைசியில் கண் இடைவெளியைப் பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிட்டு முகத்தைச் சிறிதாக்குங்கள். தலை அகலத்தை வைத்து ஒப்பிட்டால் தவறும்.

தம்பியின் ஸ்டுடியோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தால் தேடி எடுங்கள். அது தள்ளி நின்று எடுத்தது. மூக்கு அகலத்தைக் கண் இடைவெளியால் வகுத்து, இரண்டு படத்திலும் விகிதம் ஒன்றா என்று பாருங்கள். என் 5, 10 கணக்கைவிட அதுதான் நம்பகமானது.

ஷாலினி: எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் குரூப் செல்ஃபியில் ஓரத்தில் நின்ற அக்காவின் தலை பக்கவாட்டில் இழுபட்டுவிட்டது. மூக்கு சரியாகத்தான் இருக்கிறது.

செல்வம்: அது வேறு கோளாறு தங்கச்சி. ஃபிரேமின் ஓரத்தில் விழும் முகம் வெளிப்பக்கமாக நீளும். 24 மி.மீ.க்குச் சமமான லென்ஸில் கிடைமட்ட ஓரத்தில் சுமார் 25 சதவீதம். அக்காவை மட்டும் தனி லேயராக்கி, `Free Transform`-இல் அகலத்தை 80% வைத்துப் பாருங்கள். முழு ஓரத்தில் இல்லையென்றால் 85, 90 போதும்.

முத்து: அண்ணா, பாஸ்போர்ட் போட்டோ விகிதம் 0.60, செல்ஃபியை 0.61-க்குக் கொண்டுவந்தேன். மூக்கு இப்போது உறுத்தவில்லை. ஆனால் காது பாதி கன்னத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு முழுதாகத் தெரிகிறது. புருவத்தைவிடக் காது உயரமாகவும் இருக்கிறது.

செல்வம்: மறைந்த காதை எந்த ஃபில்டரும் கொண்டுவராது, படத்தில் அந்தப் பிக்சலே இல்லை. பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து எடுத்து ஒட்டலாம், வெளிச்சத் திசை ஒத்துவந்தால். காது உயரமாக இருப்பதன் அர்த்தம் போனை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான், அல்லது தலையைக் குனிந்திருக்கிறான். கொஞ்சம்தான் என்றால் தாடையை நீட்டி நெற்றியைக் குறைத்துச் சமாளிக்கலாம். அதிகம் என்றால் `Liquify` முகத்தையே வேறு ஆளாக்கிவிடும்.

ராஜி: தோஹாவில் யாரையாவது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்கேமராவில் 2x போட்டு, கண் உயரத்தில் எடுக்கச் சொல்லலாமே? 4 மீட்டருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வராது இல்லையா?

செல்வம்: வராது. மூக்கில் ஒரு சதவீதம்தான். முடிந்தால் அதுவே நல்ல வழி. வெளிச்சம் குரூப் போட்டோவில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, அதே பக்கமாக நிற்கச் சொல்லுங்கள்.

முத்து: கேட்டிருக்கிறேன், அறைத் தோழர் வெள்ளிக்கிழமை எடுப்பாராம். ஆனால் தம்பி இப்போது தாடி வைத்திருக்கிறான், வீட்டில் பழைய முகம்தான் வேண்டும் என்கிறார்கள். புதுப் படத்தின் தலை வடிவத்தில் பழைய செல்ஃபியின் தாடையைப் பொருத்த முடியுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.