பெரியப்பாவுக்கு மஜ்ஜைப் பரிசோதனை
(கோபி வீட்டுச் சொந்தங்கள் குழு)

*திங்கள் இரவு*

சரவணன்: அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 7.8 தான். மைலோமா என்கிற மஜ்ஜைப் புற்றுநோயாக இருக்கலாம், நாளை கோவையில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். "பொறுத்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னார். அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பழனிச்சாமி மாமா: முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள். பிசகினால் கால் வராது. யோசித்துச் செய்யுங்கள்.

ருக்மணி அத்தை: எனக்கு இரண்டாவது பிரசவத்தில் முதுகில்தான் போட்டார்கள். இன்றைக்கும் குனிந்தால் பிடிக்கிறது.

செல்வி: அத்தை, அது வேறு ஊசி. இதில் முதுகுத்தண்டுப் பக்கமே போக மாட்டார்கள். பிட்டத்துக்கு மேலே கையில் தட்டுப்படும் இடுப்பெலும்பு மேடு இருக்கிறதே, அங்கேதான். மாமா சொன்னதில் ஊசி மட்டும் சரி.

பெரியப்பா: வலிக்குமா, வலிக்காதா? அதைச் சொல் கண்ணு.

செல்வி: வலிக்கும் பெரியப்பா. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோலையும் எலும்பின் மேலுறையையும் மரத்துப்போகச் செய்வார்கள். அந்த மருந்து போடும்போது எரியும். பிறகு ஊசி இறங்கும்போது அழுத்தம்தான் தெரியும். சிரிஞ்சால் மஜ்ஜையை உறிஞ்சும்போதுதான் காலுக்குள் சுண்டி இழுக்கும், ஏனென்றால் மரக்கும் மருந்து எலும்புக்குள் எட்டாது. ஆனால் சில நொடிதான், இழுப்பது நின்றால் அதுவும் நிற்கும். அதை வைத்துத்தான் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இழுக்கும் முன் சொல்லச் சொல்லுங்கள். மிகவும் பயமாக இருந்தால் லேசான மயக்க மருந்தும் கேட்கலாம்.

சரவணன்: எலும்பையும் வெட்டுவார்களாமே?

செல்வி: தடித்த ஊசியைத் திருகி, தீக்குச்சிப் பருமனில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் துண்டு எடுப்பார்கள். உறிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மைலோமாவில் பெருகும் பிளாஸ்மா செல்கள் நூற்றுக்கு எத்தனை என்று எங்கள் ஆய்வகத்தில் எண்ணுவோம். துண்டில் அவை எப்படி அடைந்திருக்கின்றன, மஜ்ஜை நாராகிவிட்டதா என்பது தெரியும். நாராகியிருந்தால் சிரிஞ்சில் ஒன்றுமே வராமல் போகலாம், அப்போது துண்டைத்தான் நம்ப வேண்டும்.

பெரியப்பா: நெல் மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்க்கிற மாதிரி.

செல்வி: அதேதான்.

பெரியப்பா: ஒரு மூலை மட்டும் சொத்தை என்றால் குத்தூசிக்குத் தெரியாதே?

செல்வி: தவறலாம். மைலோமா சில சமயம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் ரத்தத்தில் புரதமும் ஸ்கேனும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

*செவ்வாய் மதியம்*

சரவணன்: முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் தடவை வெறும் ரத்தமாக வந்ததாம், தகட்டில் மஜ்ஜைத் துணுக்கே இல்லை என்று இடம் தள்ளி மறுபடி இழுத்தார்கள்.

பெரியப்பா: முதல் தடவை அம்மா என்று கத்திவிட்டேன். இரண்டாம் தடவை ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. எலும்பைத் திருகியது வலி இல்லை, சத்தம்தான் பிடிக்கவில்லை.

செல்வி: கட்டு ஒரு நாள் நனையக் கூடாது. ரத்தம் ஊறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போய்விடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். தகட்டு முடிவு சீக்கிரம் வரும். துண்டின் சுண்ணாம்பைக் கரைத்த பிறகே சீவ முடியும், அதற்குச் சில நாள் கூடுதலாகும்.

பழனிச்சாமி மாமா: கால் வருகிறதா?

பெரியப்பா: டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது மாப்பிள்ளை.