கலைச்சொல்: இஜ்மா – ‘அறிஞர் ஒருமிப்பு’ சரியா?

தக்கலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நம் இஸ்லாமியச் சட்டச் சொற்றொகுப்பில் ‘இ’ வரிசையில் இஜ்மா மட்டும் பாக்கி. பயான்களிலும் பழைய மொழிபெயர்ப்புகளிலும் ‘ஏகோபித்த முடிவு’ என்று வருகிறது. அதிலிருந்து கிளைச்சொல் எடுக்க முடியவில்லை. ‘அறிஞர் ஒருமிப்பு’ என்று போடலாமா? மற்றவர்கள் பேசாமல் இருந்ததால் ஏற்பட்ட இஜ்மாவை ‘மௌன ஒருமிப்பு’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆட்சேபணை இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.

குளச்சல்காரன்:

டீச்சர், இதுக்கு ஏன் இவ்வளவு சுற்று? ‘பெரும்பான்மை முடிவு’ போதுமே. எங்கள் ஜமாஅத் பொதுக்குழுவில் கை தூக்கி எண்ணுவோம், தீர்மானம் ஆகிவிடும். யாரோ ஒருத்தர் வேண்டாம் என்றார் என்பதற்காகச் சட்டம் நின்றுபோகுமா?

இடலாக்குடி ஆலிம்:

குளச்சல் தம்பி சொல்வதில் பாதி சரி. ஒன்றிரண்டு பேர் மறுத்தால் இஜ்மா உடையாது என்று தபரீ போன்ற சிலர் சொன்னதாகவே நூல்களில் இருக்கிறது. ஆனால் உஸூல், அதாவது சட்டம் எடுக்கும் முறை பற்றி எழுதிய நூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தகுதியுள்ள ஒரே ஒருவர் மறுத்தாலும் இஜ்மா இல்லை என்பார்கள். அதனால் ‘பெரும்பான்மை’ என்று எழுதினால் பாடமே மாறிவிடும்.

டீச்சரின் சொல்லில் எனக்கு உறுத்துவது ‘அறிஞர்’. யாருடைய சம்மதம் எண்ணப்படும் என்பதுதான் இதில் பெரிய சண்டை. சொல்லிலேயே அறிஞர் என்று வைத்துவிட்டால் ஒரு கட்சிக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிய மாதிரி ஆகும். “என் சமுதாயம் வழிகேட்டில் ஒன்றுசேராது” என்ற ஹதீஸ்தான் இஜ்மாவுக்கு முக்கியச் சான்று. அதில் சமுதாயம் என்று இருக்கிறதே தவிர, அறிஞர் என்று இல்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் ஆமிதீ (இறப்பு 1233) பாமரரின் சம்மதமும் வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தார். கஸ்ஸாலி (இறப்பு 1111) நடுவழி எடுத்தார். ஐவேளைத் தொழுகை கடமை என்பது போன்றவற்றில் பாமரரும் சேர்ந்தே ஒன்றுபட்டிருக்கிறார்கள். நுட்பமான விஷயங்களைப் பாமரரே அறிந்தவர்களிடம் விட்டுவிடுகிறார்கள், அதனால் அங்கேயும் அவர்கள் சம்மதித்தவர்களே என்றார்.

சரி, அறிந்தவர் யார்? சட்டக் கிளைகளை மனப்பாடம் செய்தவரா, சான்றிலிருந்து சட்டம் எடுக்கும் முறையை அறிந்தவரா? கிளைகளை மனப்பாடம் செய்யாவிட்டாலும் முறை அறிந்தவருடைய மறுப்பு எண்ணப்படும் என்பது கஸ்ஸாலியின் கருத்து. இலக்கண வல்லுநர், ஹதீஸ் மனனக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் இதே கேள்வி வந்தது.

உண்மையான சிக்கல் ளாஹிரீகளிடம். அவர்கள் கியாஸை, அதாவது ஒப்பிட்டுச் சட்டம் எடுப்பதை, ஏற்காதவர்கள். கியாஸை மறுப்பவர் அறிஞரே அல்ல, அவர் மறுப்பை எண்ண வேண்டாம் என்று ஜுவைனீ போன்றோர் சொன்னார்கள். இப்படி வாசலில் ஆளை நிறுத்திவிட்டு உள்ளே ‘எல்லாரும் ஒன்றுபட்டோம்’ என்றால், அது என்ன ஒற்றுமை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

திருவிதாங்கோடு வாசகர்:

அஸ்ஸலாமு அலைக்கும். விவாதத்துக்கு வெளியே போகிறேனோ தெரியவில்லை. என் மாமி பிள்ளையில்லாமல் மவுத்தானார்கள். பெற்றோரும் இல்லை, சகோதரனும் இல்லை. மாமாவும், மாமியின் கூடப்பிறந்த இரண்டு சகோதரிகளும்தான் வாரிசு. கடன், செலவு போக 42 லட்சம் சொத்து. மாமாவுக்கு ஏழில் மூன்று பங்கு என்று வக்கீல் சொல்கிறார். “பிள்ளை இல்லாவிட்டால் கணவனுக்குப் பாதி என்று குர்ஆனிலேயே இருக்கிறதே” என்கிறார் மாமா. அவர் சொல்வது நியாயம்தானே? இதில் இஜ்மா ஏதாவது உண்டா?

இடலாக்குடி ஆலிம்:

வஅலைக்குமுஸ் ஸலாம். வெளியே போகவில்லை, சரியான இடத்துக்கே வந்திருக்கிறீர்கள்.

மாமாவுக்குப் பாதி என்றால் 21 லட்சம். இரண்டு சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு என்பதும் குர்ஆனில் உள்ளதுதான். அது 28 லட்சம். கூட்டினால் 49. கையில் இருப்பது 42.

உமர் (ரலி) காலத்தில் இப்படிப்பட்ட வழக்கு வந்தது. யாரை முந்தவைப்பது, யாரைப் பிந்தவைப்பது என்று புரியவில்லை என்று சொல்லி, தோழர்களைக் கலந்து, எல்லார் பங்கிலும் விகிதப்படி குறைத்தார். இதற்குப் பெயர் அவ்ல். ஆறு பங்காக வைத்தால் மாமாவுக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு, கூட்டு ஏழு. ஆகவே சொத்தை ஏழாகப் பிரிக்கிறார்கள். மாமாவுக்கு 18 லட்சம், சகோதரிகளுக்கு ஆளுக்கு 12.

உமர் இறந்த பிறகு இப்னு அப்பாஸ் (ரலி) இதை மறுத்தார். சகோதரிகள், உடன் சகோதரன் இருந்தால், நிலையான பங்கை இழந்து மிச்சத்தை வாங்குபவர்களாக மாறுவார்கள். கணவன் அப்படி மாறுவதே இல்லை. பிள்ளை இருந்தால் பாதி காலாகும், அவ்வளவுதான். அதனால் குறைவதெல்லாம் சகோதரிகள் தலையில் விழ வேண்டும் என்றார். அவர் கணக்கில் மாமாவுக்கு முழு 21, சகோதரிகளுக்கு மிச்சம் 21.

“இதை உமரிடமே சொல்லியிருக்கலாமே” என்று கேட்டபோது, அவர் மீதிருந்த அச்சத்தால் சொல்லவில்லை என்று இப்னு அப்பாஸ் பதில் சொன்னதாக அறிவிப்பு.

அப்படியானால் உமர் காலத்தில் இஜ்மா ஏற்பட்டதா இல்லையா? “பேசாதவர் தலையில் ஒரு கருத்தை ஏற்ற முடியாது” என்பது ஷாஃபிஈ இமாமின் பேர்போன வாக்கு. மௌனத்தை ஏற்கும் ஹனஃபீகளும் செய்தி எட்டியிருக்க வேண்டும், யோசிக்க நேரம் கிடைத்திருக்க வேண்டும், பயம் இருக்கக்கூடாது என்று நிபந்தனை வைக்கிறார்கள். இப்னு அப்பாஸின் பதில் அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் உடைக்கிறது.

இருந்தாலும் நான்கு மத்ஹபும் அவ்லை ஏற்கின்றன. ஷியாக்கள் ஏற்பதில்லை. ளாஹிரீயான இப்னு ஹஸ்மும் இப்னு அப்பாஸ் பக்கம். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். நீங்கள் ஷாஃபிஈயானாலும் ஹனஃபியானாலும் வக்கீல் சொன்ன கணக்கே.

குளச்சல்காரன்:

அப்போ பாமரனான நான் தொழுகையில் எண்ணப்படுவேன், சொத்தில் எண்ணப்பட மாட்டேன். நல்ல கதை!

மார்த்தாண்டம் வக்கீல்:

ஒரு சேதி மட்டும். இன்று நாட்டில் எத்தனை ஆலிம்கள் உடன்படுகிறார்கள் என்று கோர்ட் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய பெரிய உரைகாரர்களுக்கு மாறாக நீதிபதிகள் குர்ஆனுக்குத் தாமே பொருள் சொல்லக்கூடாது என்று பிரிவி கவுன்சில் 1897-இல் சொன்ன தீர்ப்பு உண்டு. தகுதி உள்ளவர் யார் என்ற கேள்விக்கு ‘ஏற்கெனவே நூல் எழுதிப் போனவர்கள்’ என்பதுதான் அங்கே கிடைத்த பதில். அதனால் ‘அறிஞர்’ என்ற முன்னொட்டு கோர்ட்டுக்கு உறுத்தாது. டீச்சருக்கு உதவாதோ என்னவோ!

தக்கலை டீச்சர்:

நிறைய உதவுகிறது அண்ணாச்சி. முன்னொட்டை எடுத்துவிடுகிறேன். இஜ்மா என்ற தலைச்சொல்லுக்கு வெறும் ‘ஒருமிப்பு’. எண்ணப்படுகிறவர்களுக்குத் தனிச்சொல், ‘ஒருமிப்புக்குரியோர்’. அறிஞர் மட்டுமா, சமுதாயமா என்பதை அந்தப் பதிவில் விளக்கலாம். ‘மௌன ஒருமிப்பு’ அப்படியே இருக்கட்டும். அதற்கு உதாரணமாக அவ்ல் வழக்கைப் போடப் போகிறேன்.

குளச்சல்காரன்:

‘ஒருமிப்புக்குரியோர்’ வாயில் நுழையவில்லை. இஜ்மாவை இஜ்மா என்றே விட்டால் உம்மாவுக்கும் புரியும்.

இடலாக்குடி ஆலிம்:

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் டீச்சர். இன்னொன்று பாக்கி: முஜ்தஹித், அதாவது சான்றிலிருந்து தாமே சட்டம் எடுக்கத் தகுதியுள்ளவர். அதற்குப் பலர் ‘மார்க்க அறிஞர்’ என்று எழுதுகிறார்கள். அது ஆலிமுக்கான சொல். நான் ஆலிம், முஜ்தஹித் இல்லை. பெரும்பாலான உஸூல் நூலார் கணக்கில் நான் பேசினாலும் ஒன்றுதான், மௌனமாக இருந்தாலும் ஒன்றுதான்.

தக்கலை டீச்சர்:

‘சட்டம் காண்பவர்’? ‘ஆய்வுரிமையர்’? முதலாவது நீதிபதி போல ஒலிக்கிறது. இரண்டாவது யாரோ உரிமம் கொடுத்த மாதிரி இருக்கிறது. ‘மு’ வரிசைக்கு இன்னும் நாள் இருக்கிறது, எழுதுங்கள்.