ஆடை நீட்டலா, துணி வேய்வா? உருவப்படத்தில் தோலின் மேல் துணியை அமைக்கும் வேலைக்கு ஒரு சொல்

படத்திருத்துநர், உவர்மலை, திருகோணமலை

குழுவினருக்கு வணக்கம்.

படத்திருத்தக் கையேட்டில் ஆடை பற்றிய பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு வேலைக்கு மட்டும் பெயர் அமையவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு நூலான கல்வெட்டில் அச்சிடுவதற்காகத் தாயின் பழைய படத்தைக் கொண்டுவரும் பிள்ளைகள், சட்டைக் கையை முழங்கை வரை இறக்கி, கழுத்தை இரண்டு விரலளவு ஏற்றித் தரும்படி கேட்பார்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்களிற் சிலர் கை மணிக்கட்டு வரை வர வேண்டும் என்பார்கள். கடையில் இதை நாங்கள் "கையை நீட்டுவது" என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் 'கை நீட்டல்' என்று தலைப்பிட்டால் அடிதடி பற்றிய அத்தியாயம் என்றே வாசகர் எண்ணுவார்.

'ஆடை நீட்டல்' என்று முன்பு ஒருவர் முன்மொழிந்தார். அதில் எனக்கு வேறொரு தடை இருக்கிறது. இருக்கும் துணியை `Warp Transform` கொண்டு கீழே இழுப்பதுதான் நீட்டல். மடிப்பு ஓரத்தின் அகலத்துக்கு மேல் அப்படி இழுத்தால் நெசவு நூல்கள் அகன்று, அந்த இடம் மட்டும் வேறு துணி போலத் தெரியும். நான் சொல்லும் வேலையில் துணியே இல்லாத இடத்தில், தோலை மறைத்துப் புதுத் துணியை அமைக்கிறோம். அதற்கு ஒரு சொல் வேண்டும்.

வடிவமைப்பு மாணவர், கொழும்பு

அண்ணா, 'ஆடைப் பூச்சு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கையின் மேல் ஒரு புதிய அடுக்கைத் திறந்து, சட்டையின் நிறத்தை எடுத்துப் பூசி, அந்த அடுக்கை `Multiply` முறையில் வைத்தால், கையில் ஏற்கெனவே உள்ள ஒளியும் நிழலும் தாமாகவே துணிக்கு வந்துவிடுகின்றன. பின்னர் நெசவை மட்டும் மேலே பதித்தால் போதும். நான் இவ்வாறு செய்த படங்களை யாரும் குறை சொன்னதில்லை. செய்வது பூச்சு என்றால் பெயரும் பூச்சாகவே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருகோணமலை

'பூச்சு' என்பது நிறத்தோடு நின்றுவிடும் சொல். 'மீட்டுருவாக்கம்' என்றும் சிலர் எழுதக்கூடும். முன்பு இருந்து அழிந்ததைத்தான் மீட்க முடியும், அந்தக் கையில் துணி ஒருபோதும் இருந்ததில்லை. 'துணி வேய்வு' என்பதைக் குழு எண்ணிப் பார்க்கலாம். கிடுகை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்குமாறு வைத்துக் கூரை வேய்வதுபோல, படத்திருத்துநர் தம்பி விளக்கும் வேலையிலும் துணித்துண்டுகள் ஒன்றையொன்று மேவிக்கொண்டுதான் அமைகின்றன என்று நினைக்கிறேன். வேலை உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா என்பதைச் செய்கிறவர் சொல்ல வேண்டும்.

தையற்காரர், நிலாவெளி

இந்த உரையாடலை மகள் வாசித்துக் காட்டினாள். கையை நீட்டுவதென்றால் அதே துணியில் ஒட்டுக்கை வைத்துத் தைப்பதுதான் எங்கள் வழக்கம். தையலுக்கு அரை அங்குலமாவது விட வேண்டும், இல்லையென்றால் இரண்டு சலவைக்குள் பிரிந்துவிடும். துணியின் நேர்நூல் தோளிலிருந்து கீழ்நோக்கிக் கையின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் கை முறுக்கிக்கொள்ளும். முழங்கை வரை வரும் கைக்கு அந்த இடத்தில் சற்றுத் தளர்வு விடாவிட்டால் கையை மடக்க முடியாது. இதற்குப் புதுப் பெயர் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

படத்திருத்துநர், உவர்மலை

அக்கா, நாங்கள் பேசுவது படத்துக்குள் இருக்கும் சட்டையைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்ன நேர்நூலும் தளர்வும் இங்கும் வேண்டியவைதான் என்பதால், அண்மையில் முடித்த ஒரு படத்தை வைத்து ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு விடை தருகிறேன்.

அது நான்குக்கு ஆறு அங்குல வண்ணப் பிரதி. அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடியதால் 2400க்கு 3600 படப்புள்ளிகள் கிடைத்தன. நீல நிறப் பருத்திச் சட்டை. கை மேற்புயத்தின் நடுவிலேயே முடிந்திருந்தது. ஒளி இடப்பக்க யன்னலிலிருந்து வந்தது.

முதலில் புதிய கையின் வெளிக்கோட்டை வரைந்தேன். புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: புயத்தின் விளிம்பையே துணியின் விளிம்பாகக் கொள்கிறார்கள். சட்டைக் கை தோலோடு ஒட்டி நிற்பதில்லை. அந்தப் படத்தில் பழைய மடிப்போரம் புயத்தின் பின்புறத்தில் ஏறத்தாழ முப்பது படப்புள்ளி விலகி நின்றது. அந்த விலகலைக் கீழ்நோக்கிக் கொண்டுசென்று, முழங்கைக்கு மேலே அக்கா சொல்லும் தளர்வுக்காகச் சிறிது கூட்டினேன். ஆகவே புதுத்துணி தோலை மறைப்பதோடு, புயத்துக்கு வெளியே பின்னணியிலும் ஒரு பட்டையை மறைக்கிறது. இந்தப் பட்டை இல்லாத படங்களில் கை துணிக்குள் இருப்பதாகத் தோன்றாது, நீலம் பூசிய கையாகவே தோன்றும்.

அடுத்தது துணியை எங்கிருந்து எடுப்பது என்பது. பழைய கையிலிருந்தும் விலாப்பக்கத்திலிருந்தும் ஒளி ஒத்த இடங்களைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் நேர்நூல் புயத்தின் போக்கில் விழும்படி திருப்பி, மென்மையான விளிம்போடு ஒன்றையொன்று மேவ வைத்தேன். ஐயா, இது வேய்தலேதான். ஒரே துண்டைப் பலமுறை வைத்தால் அதிலுள்ள சிறு முடிச்சு மீண்டும் மீண்டும் தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். மறுபக்கக் கையை இடவலமாகத் திருப்பி ஒட்டுவது எளிதாகத் தோன்றினாலும், யன்னல் ஒளி வலப்பக்கத்திலிருந்து வந்ததாகிவிடும்.

பழைய மடிப்போரத்தைத் தனி அடுக்காக வெட்டியெடுத்து, புதிய இடத்துக்கு இறக்கி, வளைத்துப் பொருத்தினேன். தையல் வரி உண்மையான வரியாகவே இருப்பதால் இதை வரைந்து செய்வதைவிட இப்படிச் செய்வதே நல்லது. தொங்கும் கையில், ஓரம் ஒளிப்படக் கருவியின் மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு அதன் முன்வளைவு கீழ்நோக்கித் தாழும். எனவே பழைய வளைவை அப்படியே வைக்காமல் சற்று ஆழமாக்கினேன். பழைய ஓரத்தில் வந்து நின்ற இரண்டு சுருக்கங்களில் ஒன்றைப் புதுத்துணிக்குள் தொடரவிட்டு, மற்றதை மெல்ல மறையச் செய்தேன். இரண்டும் பழைய கோட்டிலேயே திடீரென நின்றிருந்தால், முன்பு கை எங்கே முடிந்தது என்பதைப் பார்ப்பவர் சொல்லிவிடுவார்.

தம்பி சொன்ன `Multiply` வழி ஓரளவுக்குச் சரிதான். வாயில், ஜோர்ஜெட் போன்ற மெல்லிய துணியில் உண்மையிலேயே தோல் தெரியும் என்பதால் அங்கே அது பொருந்தும். பருத்தியில் பொருந்தாது. தோலில் ஒளி பளபளப்பாகத் தெறிக்கும், பருத்தி அப்படி மின்னாது. பூசிய நீலத்துக்கு அடியில் அந்தப் பளபளப்பும், தடுப்பூசித் தழும்பும், புயத்தின் தசைமேடும் தெரிந்துகொண்டேயிருக்கும். நிழலுக்காக நான் வைத்த தனி அடுக்கும் `Multiply` முறையில்தான் இருந்தது. ஆனால் அதன் கீழே இருந்தது துணி.

கடைசியாக, துணியின் கீழ் ஓரம் தோலில் வீழ்த்தும் மெல்லிய நிழல். இதற்குத் 'தொடுநிழல்' என்று எழுதியிருக்கிறேன். துணி தோலைத் தொடும் இடத்தில் அது குறுகலாகவும் கருமையாகவும், விலகி நிற்கும் பின்புறத்தில் அகலமாகவும் மங்கலாகவும் இருக்கும். அதைத் தனிக் கறுப்பில் தீட்டினால் அழுக்காகத் தெரியும். தோலின் மேல் விழும் நிழல் செம்பழுப்புச் சாயல் கொண்டது. திருப்பியும் வளைத்தும் வைத்த துண்டுகளில் பிரதியின் மணித்தன்மை, அதாவது அதன் நுண்புள்ளிச் சொரசொரப்பு, மழுங்கிவிடுவதால், இறுதியில் அதற்கு ஈடாகச் சிறிது மணி சேர்க்க வேண்டியிருந்தது. படம் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரியும் வண்ணத் தடங்களில் நீலத்தை மட்டும் தனியாகத் திறந்து முழு அளவில் பார்த்தால், மணி பொருந்தாத திட்டுகள் முதலில் அங்கேதான் தெரியும்.

ஆசிரியர், உயர்தர வகுப்பு, மூதூர்

'தொடுநிழல்' நன்றாக இருக்கிறது. 'வேய்வு' என்பதை என் மாணவர்கள் விளங்கிக்கொள்வார்களா என்பது ஐயம். கூரை வேய்வதைக் கண்ட பிள்ளைகள் இப்போது குறைவு. 'துணியேற்றம்' என்றால் உடனே விளங்கும், கழுத்தை உயர்த்துவதற்கும் பொருந்தும். அதோடு ஒரு சொந்த உதவி: மகளின் கடவுச்சீட்டுப் படத்தில் கழுத்து சற்று இறங்கிவிட்டது. மேற்சொன்ன முறையில் அதைத் திருத்தித் தர முடியுமா?

படத்திருத்துநர், உவர்மலை

சேர், அடையாளத்துக்கான படத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. எடுத்ததை எடுத்தபடியே கொடுக்க வேண்டிய படம் அது. கழுத்து மூடிய சட்டையோடு மறுபடி ஒன்று எடுத்துவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும், திருத்துவதற்கோ அரை நாளாகும்.

கழுத்தை உயர்த்துவது கையை நீட்டுவதிலும் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் துணி புயத்தின் உருண்டையைத் தொடர்ந்து செல்கிறது. கழுத்தடியில் காறை எலும்பின் மேலுள்ள குழியைத் துணி தொடராது, ஒரு மேட்டிலிருந்து மற்ற மேட்டுக்கு நேராகத் தாண்டிவிடும். எனவே தோலில் தெரிந்த ஆழமான குழிநிழலைத் துணியில் கொண்டுவராமல், அந்த இடத்தை ஏறத்தாழத் தட்டையாகவே விட வேண்டும். குழியின் நிழலைக் காப்பாற்றியவர்களின் படத்தில் துணி நனைந்து ஒட்டியதுபோலத் தெரியும். சங்கிலி இருந்தால் அதை முதலில் தனி அடுக்குக்கு எடுத்துவிட வேண்டும். பின்னர் அது துணிக்கு மேலே கிடக்கிறதா உள்ளே போகிறதா என்பதை வீட்டாரிடமே கேட்க வேண்டும். தாலிக்கொடி என்றால் அந்த முடிவு நம்முடையதன்று. மேலே கிடந்தால் தோலில் விழுந்த பழைய நிழல் உதவாது; துணியின் மேல் புதிதாக ஒன்று வேண்டும்.

'துணியேற்றம்' கழுத்துக்குப் பொருந்துகிறது, ஆனால் கை கீழே இறங்குகிறதே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருகோணமலை

ஏற்றம் என்பதை மேலே ஏற்றுவது என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. தோலின்மீது துணியை ஏற்றுவதாகவும் கொள்ளலாம். ஆயினும் வண்டியில் துணி மூட்டை ஏற்றுவதும் துணியேற்றமே என்பதால் நான் இன்னும் வேய்வின் பக்கம்தான் இருக்கிறேன்.

வடிவமைப்பு மாணவர், கொழும்பு

என் பழைய படமொன்றைத் திறந்து நீலத் தடத்தை மட்டும் பார்த்தேன். மேற்புயத்தின் நடுவில் பளபளப்பு ஒரு கோடாகவே நிற்கிறது. 'பூச்சு' என்பதை மெல்லிய துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கட்டம் போட்ட சட்டையென்றால் எப்படி, அண்ணா? துண்டுகளை மேவினால் கட்டங்கள் குலைந்துவிடாதா?

படத்திருத்துநர், உவர்மலை

குலைந்துவிடும். கட்டத்துக்குத் துண்டு துண்டாக வேய்வது சரிவராது. தட்டையாகத் தெரியும் ஓரிடத்திலிருந்து பெரிய துண்டொன்றை எடுத்து, தோள்பக்கம் உள்ள கடைசிக் கட்டத்தோடு கோட்டுக்குக் கோடு பொருத்தி, இரு விளிம்புகளுக்கும் நெருங்க நெருங்கக் கட்டங்கள் ஒடுங்கும்படி முழுத் துண்டையும் ஒரே முறையில் வளைக்க வேண்டும். அதற்கும் 'வேய்வு' என்றே சொல்வதா என்பதை ஐயாவிடம் விடுகிறேன். இந்த வாரம் கையேட்டில் 'துணி வேய்வு' என்று எழுதி, பக்கத்தில் 'துணியேற்றம்' என்பதையும் தேடுவோருக்காகச் சேர்த்துவிடுகிறேன். 'தொடுநிழல்' அப்படியே நிற்கும்.