மாவிலைத் தோரணப் படமும் ஒரு நிழலின் பெயரும்: தொடுநிழலா, உறைநிழலா?

கயல்விழி எழுதியது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான படத்திருத்தப் பயிற்சி ஏட்டின் கடைசிப் பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு வீட்டு வாசலின் நிழற்படத்தில், வெறுமையாக இருக்கும் நிலைக்கு மேலே மாவிலைத் தோரணம் ஒன்றை இயல்பாகத் தொங்குவது போல் சேர்ப்பதே அந்தப் பாடம். மாணவர்கள் தோரணத்தை வெட்டி எடுத்து வைக்கிறார்கள், `Drop Shadow` என்பதைச் சொடுக்குகிறார்கள், அத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் எல்லாருடைய படத்திலும் தோரணம் சுவருக்கு முன்னால் காற்றில் மிதக்கிறது.

காரணம், அவர்கள் ஒரே நிழலைத்தான் போடுகிறார்கள். வெயிலால் தள்ளி விழும் நிழல் ஒன்று. இலை மரத்தில் படிகிற இடத்திலேயே, தள்ளிப் போகாமல் ஒடுக்கமாகக் கிடக்கும் இருட்டு மற்றொன்று. முன்னதை விழுநிழல் என்று எழுதிவிட்டேன். பின்னதற்கு நான் வைத்திருந்த ‘தொடர்பு நிழல்’ வகுப்பில் எடுபடவில்லை. எந்த இரண்டுக்கும் இடையே தொடர்பு என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

இளங்கோ எழுதியது

புதுச் சொல்லுக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. கருநிழல், புறநிழல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஒளி முழுவதும் மறைக்கப்பட்ட பகுதி கருநிழல், ஓரளவு மறைக்கப்பட்ட பகுதி புறநிழல். நீங்கள் சொல்லும் இருட்டு கருநிழலே.

தேவராஜ் எழுதியது

நான் சிவகாசியில் நாட்காட்டிப் படங்களைச் செம்மை செய்யும் வேலையில் இருக்கிறேன். இளங்கோ சொல்வது வெயிலுக்குப் பொருந்தும். ஆனால் மூடாக்குப் போட்ட நாளில் ஒரு வாசலைப் படம் பிடித்துப் பாருங்கள். அன்று கதவின் மேல் நிழலின் உருவமே இருக்காது. ஆயினும் கயிறு ஆணியைச் சுற்றும் இடத்திலும், இலையின் முதுகு மரத்தில் படியும் இடத்திலும் மெல்லிய கருங்கோடு இருக்கும். வானத்தின் நாலா பக்கத்திலிருந்தும் வரும் வெளிச்சம் அந்த இடுக்குக்குள் புக முடியாததால் அது உண்டாகிறது. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும், இல்லாமலே போனாலும் அது மாறுவதில்லை. ஆகவே அதைக் கருநிழல் என்பது பிழை. எங்கள் அறையில் நாங்கள் அதை ஒட்டுநிழல் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

புலவர் நாகராசன் எழுதியது

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுநிழல் இலக்கணப்படி பிழையற்ற வினைத்தொகை. ஆனால் பொருளால் இடறும். படத்திருத்த மென்பொருள்களில் வெட்டு, ஒட்டு என்று எழுதிப் பழகிவிட்டோம். ஒட்டுநிழல் என்றால் எங்கிருந்தோ எடுத்து வந்து ஒட்டிய நிழல் என்றே மாணவர் கொள்வார்.

வள்ளுவர் இந்நிழலை முன்பே கண்டிருக்கிறார். தீவினை செய்தார் கெடுதல், நிழல் ‘வீயாது அடிஉறைந் தற்று’ என்பது 208ஆம் குறள். அகலாமல் அடியிலேயே தங்குவது என்ற பொருள் அங்கே அப்படியே இருக்கிறது. எனவே உறைநிழல் என்று வைக்கலாம். சாயை என்ற வடசொல்லின் பக்கம் போகவே தேவையில்லை. தமிழில் சாய் என்னும் வேரிலிருந்து சாயல் பிறந்தது, ஒளியிலிருந்து சாய்ந்து விழுவதால் விழுநிழலையும் சாய்நிழல் என்றே மாற்றிவிடலாம். அப்படியே தோரணத்தையும் மாவிலைத் தொங்கல் என்று திருத்துமாறு வேண்டுகிறேன். தொங்கல் மாலைக்கு நம்மவர் வழங்கிய பழஞ்சொல்.

கயல்விழி எழுதியது

ஐயா, தோரணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மணிமேகலையின் விழாவறை காதையே ‘தோரண வீதியும்’ என்று பாடுகிறது. மாணவர்கள் வீட்டில் தினமும் சொல்லும் சொல்லை நான் பாடத்தில் மாற்றினால், அவர்கள் நிழலைக் கவனிக்காமல் சொல்லைத்தான் கவனிப்பார்கள்.

புலவர் நாகராசன் எழுதியது

இலக்கியத்தில் ஏறிவிட்டதால் ஒரு சொல் தமிழாகிவிடாது, அம்மா. ஆண்டாளும் ‘தோரணம் நாட்டக் கனாக் கண்டேன்’ என்கிறாள். நாட்ட என்பதைப் பாருங்கள். அவள் காலத்தில் அது நிலத்தில் ஊன்றி நிறுத்தும் வாயில் அலங்காரம் என்பது அந்த வினையிலேயே விளங்குகிறது. நாமோ கட்டித் தொங்கவிடுகிறோம். தொங்குவதைத் தொங்கல் என்பதில் தடை என்ன?

சரோஜா எழுதியது

அனைவருக்கும் வணக்கம். தோரணம் கட்டுவது பற்றிப் பேசுவதால் நானும் எழுதலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளாக நான்தான் கட்டுகிறேன். இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, தென்னை ஈர்க்கைக் குத்தி நிறுத்த வேண்டும். கயிறு நிலையின் அகலத்தைவிட ஒரு விரல் அகலம் நீண்டிருந்தால் போதும், நன்றாகத் தொய்ந்து நிற்கும். அரை முழம் விட்டால் தலையில் இடிக்கும். கயிறு எப்படி வளைந்தாலும் இலை மட்டும் நேரே கீழ்நோக்கித்தான் நிற்கும். மறுநாள் இலையின் ஓரம் சுருளத் தொடங்கும், முதுகு நிலையை விட்டு விலகும். அப்போது அதன் பின்னால் அணைந்திருந்த இருட்டும் போய்விடும். கயல், உங்களுக்குக் கட்டத் தெரிய வேண்டுமானால் படத்துடன் எழுதி அனுப்புகிறேன்.

தேவராஜ் எழுதியது

சரோஜா அம்மா, கயல் கேட்டது வேறு என்றாலும், நீங்கள் சொன்ன ஒரு வரி எங்கள் தொழிலில் பாதிப் பிழையைத் தீர்க்கும். மாணவர்கள் நேராகக் கிடத்தி எடுத்த தோரணப் படத்தை `Curve Bend` கொண்டு மொத்தமாக வளைக்கிறார்கள். அப்போது கயிறு சாயும் அளவுக்கு இலைகளும் சாய்கின்றன. இரு ஓரத்து இலைகளும் நுனியை வெளிப்புறம் நீட்டிக்கொண்டு விசிறி போல் விரிகின்றன. பார்ப்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று தெரிந்துவிடும். கயிற்றை மட்டும் தனி அடுக்கில் வளைத்து, இலைகளை ஒவ்வொன்றாக நேர்குத்தாகத் தொங்கவிட வேண்டும்.

இளங்கோ எழுதியது

அந்த ஒரு விரலைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நிலையின் அகலம் 90 செ.மீ., கயிறு 91 செ.மீ. என்றால் நடுவில் தொய்வு ஏறக்குறைய 6 செ.மீ. வருகிறது. ஓரத்தில் கயிற்றின் சாய்வு சுமார் 15 பாகை. தேவராஜ் சொல்லும் விசிறி விரிவும் அதே 15 பாகைதான். ஆனால் அந்த வளைவு பரவளையம் அன்று, சங்கிலி வளைவு. 1691இல் ஹைகன்சும் லைப்னிட்சும் யோகான் பெர்னூலியும் அதைத் தீர்த்தார்கள். ஏட்டில் பரவளையம் என்று எழுதிவிடாதீர்கள்.

தேவராஜ் எழுதியது

தம்பி, இவ்வளவு சிறிய தொய்வில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் கயிற்றின் தடிமனுக்குள் வேறுபாடு மறைந்துவிடும். கயலின் படத்திலேயே செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அதில் நிலை 90 செ.மீ. அகலம், படத்தில் 1800 பிக்சல். ஆக ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். கதவு நிலையின் முகப்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே இருக்கிறது. வெயில் இடப்புறம் மேலிருந்து வருகிறது. நிலையின் மேற்சட்டம் கதவின் மேல் போட்டிருக்கும் நிழல் 160 பிக்சல் இறங்கியிருக்கிறது. இடக்காலின் நிழல் 100 பிக்சல் வலப்புறம் போயிருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு செ.மீ. இடைவெளிக்கும் நிழல் 16 பிக்சல் கீழே, 10 பிக்சல் வலப்புறம். இதை நாம் ஊகிக்கவில்லை, படமே சொல்கிறது.

இலை சட்டத்திலிருந்து 1 செ.மீ. முன்னால் தொங்குவதாகக் கொண்டால், சட்டத்தின் மேல் அதன் நிழல் 16க்கு 10 தான் நகரும். ஆனால் இலையின் நுனி சட்டத்தைத் தாண்டிக் கதவுக்கு முன்னால் தொங்குகிறது; அங்கே இடைவெளி 11 செ.மீ., ஆகவே நுனியின் நிழல் 176 பிக்சல் கீழே, 110 பிக்சல் வலப்புறம் போய் விழும். ஒரே இலையின் நிழல் சட்டத்தின் விளிம்பில் முறிந்து, மீதிப் பாகம் சட்டத்தின் நிழலுக்குள்ளிருந்து முளைத்தது போல் கதவில் தோன்றும். `Drop Shadow` இந்த முறிவைத் தராது. நிழல் அடுக்கை இரண்டாக வெட்டித் தனித்தனியே நகர்த்தி `Multiply` முறையில் வைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் நுனிகளுக்கு நிழலே வேண்டாம். விழுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

விளிம்பை மங்கலாக்குவதில் மட்டும் இளங்கோவின் புறநிழல் உதவும். சூரியன் வானில் அரைப் பாகை அகலம் என்பதால், 11 செ.மீ. தொலைவில் மங்கல் ஒரு மி.மீ. அளவுதான், அதாவது 2 பிக்சல். மாணவர்கள் 25 வைக்கிறார்கள். வெயில் படத்தில் மேகநாள் நிழல் வந்து விழுகிறது.

இவை அனைத்தும் விழுநிழல். நாம் பெயர் தேடும் நிழல் எதற்கும் நகராமல், ஆணியடியிலும் மடிப்புக்குப் பின்னாலும் மூன்று நான்கு பிக்சல் அகலத்தில் கையால் தீட்டப்படுவது.

கயல்விழி எழுதியது

நன்றி, தேவராஜ் அண்ணா. பாடத்தின் நடுப்பகுதியை இந்தக் கணக்கை வைத்தே திருத்தி எழுதுகிறேன். சொல்லுக்கு வருவோம். ஒட்டுநிழல் வேண்டாம் என்பதில் நாகராசன் ஐயா சொன்னது சரி. உறைநிழலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். இருவர் உறைபனியை நினைத்தார்கள், ஒருவர் தலையணை உறையை நினைத்தார். சரோஜா அம்மா எழுதிய ‘அணைந்திருந்த இருட்டு’ என் மனத்தைத் தொட்டது, ஆனால் அணைநிழல் என்று சுருக்கினால் அணைக்கட்டு குறுக்கே வந்து நிற்கிறது. தொடுநிழல் என்றதும் எல்லாரும் இலையைத்தான் சுட்டிக் காட்டினார்கள். கணக்குப் பாடத்தில் தொடுகோடு ஏற்கெனவே இருப்பதால் வட்டத்தைத் தொடும் இடம் அவர்களுக்கு நினைவுக்கு வருகிறது.

புலவர் நாகராசன் எழுதியது

தொடு என்பதற்குத் தோண்டு என்றும் பொருள் உண்டு. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யை மறந்துவிட வேண்டாம். மேலும் இருட்டு போய்விடும் என்று சரோஜா அம்மையார் சொன்னாலும், இலை சற்றே விலகி நிற்கும்போது அது ஓரளவு இருக்கும். தொடாத இடத்திலும் தொடுநிழலா? உறைதல் என்றால் அருகில் தங்குதல். தொட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மாணவர் உறைபனியை நினைத்தால் ஆசிரியர் குறளைச் சொல்லி விளக்கட்டும்.

இளங்கோ எழுதியது

ஐயா, குறளில் அடியில் உறைவது முழு நிழலும்தானே? அது விழுநிழலுக்கும் பொருந்தும். ஆனால் தொடாத இடம் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. கருநிழலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் வாக்கு தொடுநிழலுக்கு.

தேவராஜ் எழுதியது

எனக்கும் தொடுநிழல் சம்மதம். எங்கள் அறையில் மட்டும் ஒட்டுநிழல்தான் தொடரும்; வாய்க்குப் பழகிவிட்டது.

கயல்விழி எழுதியது

இன்று மாலை தொடுநிழல் என்றே அச்சுக்கு அனுப்பினேன். நாகராசன் ஐயாவின் மறுப்பை மதித்து, சொல் முதன்முதல் வரும் பக்கத்தின் அடியில் உறைநிழல் என்றும் வழங்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சாய்நிழலைச் சேர்க்கவில்லை. தோரணம் தோரணமாகவே இருக்கிறது. சரோஜா அம்மா, உங்கள் ஈர்க்குக் குத்தும் படங்களை அவசியம் அனுப்புங்கள். இலை கயிற்றில் மடியும் இடத்தை மாணவர்கள் எல்லாரும் தட்டையாகவே வரைகிறார்கள்.

புலவர் நாகராசன் எழுதியது

அடிக்குறிப்பில் இடம் தந்ததற்கு நன்றி. அடுத்த பதிப்பில் அவ்விரு சொற்களும் இடம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. அதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன். தொடாத நிழலைத் தொடுநிழல் என்பதற்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை.